பலகை விலை ஏறினாலும் முதல் தேறாதது ஏன்? தங்கத்தின் 'முதல் தேறும் விலை'யைக் கணக்கிடுதல்

திருக்கோவிலில் இருக்கும் என் மச்சாள் ஒருத்தி, பெரும்போக நெல் விற்ற காசில் கல்முனையில் இரண்டு தங்கக் காசு வாங்கினாள். 24 கரட், ஒவ்வொன்றும் ஒரு பவுண், அதாவது 8 கிராம். வீட்டில் வைக்கப் பயந்து வங்கி லொக்கரில் போட்டாள். மூன்று வருசம் கழித்துப் பிள்ளையின் படிப்புக்குக் காசு தேவைப்பட்டது. நகைக்கடைப் பலகையில் பவுண் விலை 30,000 ரூபாய் ஏறியிருந்தது. இரண்டு பவுணுக்கு 60,000 இலாபம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனவள், மாலையில் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"விலை ஏறித்தானே கிடக்கு மச்சாள். மறுகா ஏன் கா என்ர காசு கூடல்ல?"

அன்றைக்கு அவளுக்குக் கொப்பித் தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களை மட்டும் விளங்குவதற்கு வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன். இவற்றை இன்றைய விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பற்றுச்சீட்டில் உள்ள எண்களை இந்த இடங்களில் வைத்தால் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

தங்கம் வாங்கி வைத்திருந்து விற்பவருக்கு மூன்று இடத்தில் காசு கழிகிறது. முதலாவது, வாங்கும்போது. பலகையில் 300,000 என்று எழுதியிருந்தாலும் காசாக அடித்த தங்கத்தை அந்த விலைக்குத் தரமாட்டார்கள். அடித்த கூலி, பொதி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் சேர்த்துக் கொஞ்சம் கூட்டித்தான் பில் போடுவார்கள். இதை 'மேல்விலை' என்று வைத்துக்கொள்வோம். நகை என்றால் இதே இடத்தில் செய்கூலியும் சேதாரமும் வரும். இரண்டாவது, வைத்திருக்கும்போது. லொக்கருக்கு வருசா வருசம் கட்டணம் போகும். மூன்றாவது, விற்கும்போது. கடை உங்களிடமிருந்து பலகை விலைக்கு வாங்காது, ஒரு கழிவு போட்டுத்தான் வாங்கும். இந்த மூன்றும் போன பிறகு நீங்கள் போட்ட காசு ஒரு ரூபாயும் குறையாமல் கைக்கு வர, பலகை விலை எவ்வளவாக இருக்க வேண்டும்? அந்த விலைதான் 'முதல் தேறும் விலை'. பள்ளிக்கூட வணிகக்கல்விப் புத்தகத்தில் இலாபநட்டமற்ற புள்ளி என்று படிப்பதும் இதே எண்ணம்தான்.

மச்சாளின் கணக்கைப் பார்ப்போம். அவள் வாங்கிய அன்று 24 கரட்டின் பலகை விலை பவுணுக்கு 300,000. இரண்டு பவுணுக்கு 600,000. கடை 4 சதவீதம் மேல்விலை போட்டது, அது 24,000. ஆகக் கையிலிருந்து போனது 624,000. லொக்கருக்கு வரியோடு சேர்த்து வருசத்துக்கு 6,000, மூன்று வருசத்துக்கு 18,000. இரண்டையும் கூட்டினால் 642,000. அவள் உண்மையில் போட்ட முதல் இதுதான். ஆனால் அவள் மனதில் 624,000 மட்டும்தான் இருந்தது. லொக்கர் கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்து போனதால் அதை அவள் தங்கத்தின் செலவாக நினைக்கவே இல்லை.

விற்கப் போன அன்று பலகை விலை 330,000. கடை 5 சதவீதம் கழித்தது. இரண்டு பவுணுக்கு 660,000, அதில் கழிவு 33,000, கைக்குக் கிடைக்கக்கூடியது 627,000. வாங்கிய பில்லோடு ஒப்பிட்டால் 3,000 கூட. லொக்கர் காசையும் சேர்த்துப் பார்த்தால் 15,000 நட்டம். பலகை 10 சதவீதம் ஏறியும் அவளுக்கு முதல் தேறவில்லை.

அப்படியானால் எந்த விலைக்குத் தேறும்? இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். ஆகவே கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

மச்சாள் உடனே சொன்ன வழி, எல்லாச் சதவீதங்களையும் கூட்டுவது. வாங்கும்போது 4, லொக்கர் 18,000 என்பது 600,000-இல் 3, விற்கும்போது 5, ஆக 12 சதவீதம் ஏறினால் போதும் என்றாள். 300,000-இன் 12 சதவீதம் 36,000, ஆகவே 336,000 ஆனதும் விற்கலாம் என்பது அவள் கணக்கு. சரியா என்று விற்றுப் பார்ப்போம். இரண்டு பவுண் 672,000. அதில் 5 சதவீதம் 33,600. கைக்கு 638,400. போட்டதோ 642,000. இன்னும் 3,600 குறைகிறது.

இன்னொரு வழி, போட்ட 642,000-இன் மேல் 5 சதவீதம் கூட்டுவது. அது 674,100. கொஞ்சம் கிட்ட வந்துவிட்டது. ஆனால் இந்த 674,100-இலிருந்து கடை 5 சதவீதம் கழித்தால் வருவது 640,395. இன்னும் 1,605 குறைகிறது.

காரணம் இதுதான். நாம் 5 சதவீதத்தை 642,000-இன் மேல் கணக்கிட்டோம், அது 32,100. கடைக்காரரோ 5 சதவீதத்தை விற்கும் விலையின் மேல் கணக்கிடுகிறார். விற்கும் விலை அதைவிடப் பெரிய எண், ஆகவே அவர் கழிக்கும் 5 சதவீதமும் நாம் கூட்டிய 5 சதவீதத்தைவிடப் பெரிது. சதவீதம் ஒன்றுதான், ஆனால் எதன் மேல் என்பது வேறு.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் இலேசாக விளங்கும். கடை 5 கழித்தால் உங்கள் கைக்கு வருவது விலையின் 100-இல் 95 பங்கு. அந்த 95 பங்கு 642,000-ஆக இருக்க வேண்டும். அப்படியானால் ஒரு பங்கு எவ்வளவு? 642,000-ஐ 95-ஆல் பிரியுங்கள். அதை 100-ஆல் பெருக்கினால் முழு விலை. கல்குலேட்டரில் இதை ஒரே அடியாக 642,000-ஐ 0.95-ஆல் பிரித்தும் எடுக்கலாம். விடை 675,789. இரண்டு பவுணுக்கான விலை அது, ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 337,895. சரிபார்ப்போம்: 675,789-இல் 5 சதவீதம் 33,789. கழித்தால் 642,000. ரூபாய்க்கு ரூபாய் சரி.

எழுதி வைத்துக்கொள்ள:

```
முதல் தேறும் விலை (ஒரு பவுணுக்கு) =
   (வாங்கிய பில் + வைத்திருந்த செலவு)
   ÷ (1 − கழிவு வீதம்)
   ÷ பவுண் எண்ணிக்கை
```

5 சதவீதம் என்றால் கழிவு வீதம் 0.05, 8 சதவீதம் என்றால் 0.08. மேல்விலையைத் தனியாக எழுதத் தேவையில்லை, அது பில்லுக்குள்ளேயே இருக்கிறது. மச்சாளுக்குப் பலகை விலை 300,000-இலிருந்து 337,895-க்கு, அதாவது 12.6 சதவீதம் ஏறினால்தான் முதல் தேறும்.

இந்தச் சூத்திரம் கழிவு சதவீதமாக இருக்கும்போதுதான் பொருந்தும். நம்முடைய பக்கத்துக் கடைகளில் பலர் சதவீதத்தில் பேசுவதில்லை. "பவுணுக்குப் பதினைஞ்சு குறைச்சுத்தான் எடுப்பம்" என்பார்கள். 15,000 ரூபாய் என்று அர்த்தம். அப்போது பிரிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். மச்சாள் ஒரு பவுணுக்குப் போட்ட முதல் 321,000. அதோடு 15,000 கூட்டினால் 336,000, அதுதான் முதல் தேறும் விலை. 15,000 என்பது அவள் வாங்கிய அன்றைய விலையில் சரியாக 5 சதவீதம்தான். ஆனாலும் விடை 337,895 அல்ல. விலை ஏற ஏறச் சதவீதக் கழிவு தானும் வளரும், ரூபாய்க் கழிவு வளராது. விலை இறங்கினால் இது மறுபக்கம் திரும்பும்: பலகை 280,000 ஆகும்போது 5 சதவீதம் என்பது 14,000 மட்டும்தான், ஆனால் ரூபாயில் பேசிய கழிவு 15,000 ஆகவே நிற்கும்.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு குறைப்பீங்கள்?" என்பதல்ல. "எந்த விலையிலிருந்து குறைப்பீங்கள், வீதமா, பவுணுக்கு இவ்வளவு என்றா?" என்று கேளுங்கள். எந்த விலையிலிருந்து என்பது முக்கியம். சில கடைகளில் விற்கும் விலை ஒன்றும் பழைய தங்கம் எடுக்கும் விலை இன்னொன்றுமாக இரண்டு விலை இருக்கும். எடுக்கும் விலை ஏற்கெனவே குறைத்த விலை. அதிலிருந்து மறுபடி ஒரு கழிவு போட்டால் நீங்கள் இரண்டு தரம் கழிவு கொடுக்கிறீர்கள். ஒரே கேள்வியில் இதைத் தெளிவாக்க வேண்டுமென்றால், "இண்டைக்கு இந்தக் காசைத் தந்தால் என்ர கையில எவ்வளவு வைப்பீங்கள்?" என்று கேட்டு, அந்தத் தொகையை அன்றைய பலகை விலையால் பிரித்துப் பாருங்கள். 0.95 வந்தால் கழிவு 5 சதவீதம், 0.92 வந்தால் 8. அவர் வாயால் என்ன வீதம் சொன்னாலும் உண்மையான வீதம் இதுதான். இந்தக் கேள்வியை வாங்கும் அன்றைக்கே, காசு கொடுக்கும் முன்பே கேட்பது இன்னும் நல்லது. மேல்விலை குறைவாகப் போடும் கடை கழிவைக் கூட்டிப் போடலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கடை மலிவு என்று தெரியும்.

அடுத்தது லொக்கர். மற்ற இரண்டும் தங்கத்தின் பெறுமதியோடு சேர்ந்து கூடிக் குறையும், இது அப்படியல்ல. உள்ளே ஒரு பவுண் இருந்தாலும் பத்துப் பவுண் இருந்தாலும் பெட்டிக்குக் கட்டணம் ஒன்றுதான். மச்சாள் ஒரு பவுண் மட்டும் வைத்திருந்தால் அவளுடைய முதல் 312,000-உம் 18,000-உமாக 330,000. 0.95-ஆல் பிரித்தால் 347,368. அதாவது விலை ஏறத்தாழ 16 சதவீதம் ஏற வேண்டும். பத்துப் பவுண் வைத்திருந்தால் ஒரு பவுணுக்கு 330,316 போதும், 10 சதவீதம்தான். ஒரே கடை, ஒரே வங்கி, ஒரே மூன்று வருசம். கொஞ்சத் தங்கத்துக்குத் தனி லொக்கர் எடுப்பவர் மேல்தான் பாரம் கூட விழுகிறது. அக்கா தங்கச்சிமார் ஒரு பெட்டியைச் சேர்ந்து எடுத்துக் கட்டணத்தைப் பங்கிட்டால் இந்தப் பாரம் நேரடியாகக் குறையும். யாருடையது எது என்று நிறையோடு எழுதி ஆளுக்கொரு பிரதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். லொக்கர் திறக்கும்போது வங்கி வாங்கும் திறப்பு வைப்புப் பணத்தைச் செலவில் சேர்க்க வேண்டாம், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அது உங்களுக்கு வந்துவிடும்.

எங்கள் பெரியம்மா வேறொரு வழி வைத்திருந்தா. நகையை வங்கியில் அடகு வைப்பா, ஆனால் அதன் பெறுமதிக்கு எவ்வளவோ குறைவாக, சின்னத் தொகை ஒன்றை மட்டும் எடுப்பா. நகை வங்கியின் காவலில் இருக்கும், வட்டி சின்னத் தொகைக்கு மட்டும். இதையும் கணக்கில் போடலாம். மச்சாள் 20,000 மட்டும் எடுத்து வைத்து, வட்டி வருசத்துக்கு 15 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் வருசத்துக்கு 3,000, மூன்று வருசத்தில் 9,000. லொக்கர் செலவில் பாதி. முதல் தேறும் விலையும் பவுணுக்கு 333,158-ஆக இறங்கும். ஆனால் அடகுக்குத் தவணை உண்டு. தவணை முடியும்போது வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். லொக்கரில் ஒரு வருசம் கட்டணம் பிந்தினால் அபராதத்தோடு போகும், இங்கே தங்கமே போய்விடும். திகதியைச் சுவரில் எழுதி வைத்துப் பெரியம்மா போல ஒரு நாளும் தவறாமல் போகக்கூடியவர்களுக்குத்தான் அந்த வழி.

காலத்தைப் பற்றி மச்சாளுக்கு ஒரு விசயம் புதிதாக இருந்தது. முதல் தேறும் விலை ஒரு இடத்தில் நிற்பதில்லை. வருசம் ஒன்று போகும்போது லொக்கருக்கு இன்னொரு 6,000 போகிறது. இரண்டு பவுணுக்குப் பங்கிட்டால் 3,000. அதையும் 0.95-ஆல் பிரிக்க வேண்டும், ஏனென்றால் அந்த 3,000-ஐத் திருப்பி எடுக்கும்போதும் கடை கழிவு போடும். ஆக வருசத்துக்குப் பவுணுக்கு 3,158 வீதம் எல்லை மேலே போகிறது. விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர், எல்லையும் தன்னோடு சேர்ந்து நடக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பலகை விலை ஒரு வருசம் முழுக்க அசையாமல் நின்றாலும் அவருக்கு அது நட்ட வருசம்தான்.

இனி நகை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தங்கம் என்றால் பெரும்பாலும் காசல்ல, சங்கிலியும் காப்பும்தான். கணக்கு முறை அதேதான், எண்கள்தான் கடுமையாகின்றன. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். ஆகவே 24 கரட் 300,000 என்றால் 22 கரட்டின் தங்கப் பெறுமதி 275,000. இரண்டு பவுண் சங்கிலிக்குத் தங்கம் 550,000, சேதாரம் 8 சதவீதம் என்றால் 44,000, செய்கூலி 25,000 என்று வைப்போம். பில் 619,000. அதே லொக்கர் 18,000 சேர்ந்து 637,000. விற்கும்போது கடை 8 சதவீதம் கழித்தால், 637,000-ஐ 0.92-ஆல் பிரிக்க 692,391. பவுணுக்கு 346,196. 275,000-இலிருந்து அந்த விலைக்கு வர 25.9 சதவீதம் ஏற வேண்டும். தங்கக் காசுக்கு வேண்டியிருந்ததைப் போல் இரண்டு மடங்கு. செய்கூலியும் சேதாரமும் வேலைக்குக் கொடுத்த காசு, விற்கும் அன்று தராசில் அவை ஏறுவதில்லை. அணிந்து அழகு பார்க்க வாங்கும் நகைக்கு அந்தச் செலவு நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் "சேமிப்புக்கு" என்று சொல்லி வேலைப்பாடு கூடிய நகையை வாங்குபவரைக் கண்டால் மனம் கேட்பதில்லை.

நகையில் இன்னுமொன்று உண்டு, நிறை. வருசக்கணக்காக அணிந்த சங்கிலி கண்ணிக்குக் கண்ணி உரசித் தேயும். 16 கிராமாக வாங்கியது 15.8 கிராமாக நிற்கலாம். அப்போது பவுண் எண்ணிக்கையை 2 என்று போடாமல் 15.8-ஐ 8-ஆல் பிரித்து 1.975 என்று போட வேண்டும். அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே முதல் தேறும் விலை 350,578 ஆகிறது. கல் பதித்த நகை என்றால் விற்கும்போது கல்லின் நிறையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்தை நிறுப்பார்கள். வாங்கும்போது கல்லையும் சேர்த்துத் தங்க விலைக்குப் பில் போட்டிருந்தால், அந்த நட்டம் எந்தச் சதவீதத்திலும் தெரியாது, தராசில்தான் தெரியும். ஆகவே பில்லில் மொத்த நிறை, கல் நிறை, தங்க நிறை மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று வாங்கும் அன்றே பாருங்கள். கரட்டும் எழுதியிருக்க வேண்டும். பில் தொலைந்தால் கடை தன் சோதனையில் கண்ட கரட்டைத்தான் எடுக்கும், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இராது. தங்கக் காசு பொதியோடு வந்திருந்தால் அதை உடைக்காமல் வையுங்கள். உடைத்த காசைப் பழைய தங்கமாக எண்ணிக் கூடக் கழிக்கும் கடைகள் உண்டு.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு ரூபாயை ரூபாயோடுதான் ஒப்பிடுகிறது. இலங்கையில் பவுண் விலை உலகச் சந்தையில் தங்கத்தின் டொலர் விலையையும், டொலரின் ரூபாய் விலையையும் சேர்த்துத்தான் ஏறி இறங்கும். 2022 மார்ச்சில் ரூபாய் விழத் தொடங்கியபோது, டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 350-ஐத் தாண்டியது. உலக விலை ஏறாமலே இங்கே பவுண் விலை பாய்ந்தது. அப்போது பலருக்கு முதல் தேறும் விலை ஒரே மூச்சில் தாண்டிப் போனது. ஆனால் அரிசியும் பசளையும் மண்ணெண்ணெயும் கூடவே ஏறியிருந்தன. ரூபாயில் முதல் தேறியது என்பதற்கு, அந்தக் காசால் முன்பு வாங்கியதை இன்றும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை.

மச்சாள் அன்று காசை விற்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய பில்லைத் தேடி எடுத்து, அதன் பின்பக்கத்தில் 337,900 என்று எழுதி, கீழே "ஒவ்வொரு சித்திரைக்கும் 3,158 கூட்டவும்" என்று எழுதினாள். படிப்புக்குத் தேவையான பணத்தில் அவசரமான பங்கை, இரண்டு தங்கக் காசில் ஒன்றை அடகு வைத்து எடுத்தாள். அதற்குக் கட்டும் வட்டியையும் பில்லின் பின்பக்கத்தில் எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது, "அதுவும் சேரும் என்ன கா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டாள்.